எவ்வளவு வட்டி எண்டு கேட்க முன்னம்

காசு கொஞ்சம் சேர்ந்தவுடனே எங்கட ஆக்களிடமிருந்து வருகிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க போட்டா கூட வட்டி வரும்?" வேலைக்குப் போய் இரண்டாம் மூன்றாம் வருஷத்தில் நிற்கிற எங்கள் வட்டத்திலும் அதே கேள்விதான் ஓடியது. ஒருவர் வங்கி வட்டி வீதங்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவார், இன்னொருவர் பங்குச் சந்தை எண்பார், மூன்றாமவர் தங்கம் எண்பார். நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கேள்விக்கு அந்த நிலையில் பதிலே கிடையாது என்பது விளங்கியது. அந்தக் காசு எதற்கு, எப்போது வேணும், அப்போது எவ்வளவு வேணும் என்ற மூன்றும் தெரியாமல் எந்த வட்டி நல்லது எண்டு எப்படிச் சொல்வது?

இது ஒன்றும் வெளியில் இருந்து வந்த புதுச் சரக்கில்லை. எங்கட அம்மாமார் சீட்டுப் பிடிக்கிறபோது இதைத்தான் செய்தார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்த சீட்டில் "எனக்கு தை மாசம் வேணும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாமான் வாங்க வேணும்" எண்டு ஒருவர் சொல்ல, "அப்ப நான் ஆவணியில எடுக்கிறன், கோயில் திருவிழாவோட வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க" எண்டு இன்னொருவர் சொல்வார். தொகை தெரியும், மாசம் தெரியும், எதற்கு என்பதும் தெரியும். வட்டி எண்டு பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. சீட்டைப் பிடிக்கிறவர் ஊரை விட்டுப் போனால் கேட்க ஆளில்லை என்பது அதன் பெரிய குறை. அதே காசை மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வைப்பாகப் போட்டால், அந்த நிறுவனம் விழுந்தாலும் ஒரு வைப்பாளருக்கு 1,100,000 ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. சீட்டுக்கு அது கிடையாது. ஆனால் சீட்டில் இருந்த யோசனை சரியானது. அதைத்தான் நாங்கள் கொப்பிக்குள் கொண்டுவந்தோம்.

எங்களில் ஒருத்தியின் கணக்கை அவளுடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம். மட்டக்களப்பில் வேலை செய்கிறாள். மாசம் கைக்கு 75,000 வருகிறது. வீட்டுச் செலவுக்குக் குடுப்பது, பஸ், ஃபோன் எல்லாம் சேர்த்து 45,000 போகும். நல்லது கெட்டது எண்டு அங்கங்கே போவதை விட்டால் 25,000 சேமிக்கலாம். ஏற்கெனவே சேமிப்புக் கணக்கில் 400,000 கிடந்தது. அவளும் முதலில் கேட்டது, "இந்த நாலு லட்சத்தையும் எங்க போடலாம்?" என்பதுதான்.

நாங்கள் திருப்பிக் கேட்டோம்: "நாலு லட்சமும் ஒரே விஷயத்துக்கா?"

இல்லை. கதைக்கக் கதைக்க மூன்று விஷயங்கள் வெளியே வந்தன. திடீரெண்டு வேலை போனாலோ வருத்தம் வந்தாலோ மூன்று மாசச் செலவுக்கு 135,000. அது எப்போது வேணும் எண்டு சொல்ல முடியாது, நாளைக்கும் வேணுமாக இருக்கலாம். தங்கச்சியின் டிப்ளோமா இறுதித் தவணைக் கட்டணம் 180,000. அது பதினொரு மாசத்தில் கட்ட வேணும், பிந்தினால் சோதனை எழுத விடமாட்டார்கள். கடைசியாக, வீட்டுக் கூரை. வளைமரம் இத்துப்போய், மாரி காலத்தில் நடு வீட்டில் வாளி வைக்க வேண்டிய நிலை. மூன்று வருஷத்துக்குள் மாற்ற வேணும் எண்டாள்.

"மூன்று வருஷம் எண்டா எந்த மாசம்?" எண்டு கேட்டதில்தான் நல்ல விஷயம் ஒன்று கிடைத்தது. எங்கட பக்கம் ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி தாண்டியும் விடாது. அந்த நேரத்தில் கூரையைக் கழற்ற எந்த மேசனும் வரமாட்டார். ஆகவே காசு ஆகஸ்டில் கையில் இருக்க வேணும். ஒக்டோபரில் வந்தால் இரண்டு மாசம் பிந்தவில்லை, ஒரு வருஷம் பிந்துகிறது. திகதியை மாசக் கணக்கில் எழுதுவது ஏன் எண்டு யாராவது கேட்டால் நாங்கள் இந்தக் கூரையைத்தான் காட்டுவோம்.

தொகையைச் சொல்வதிலும் ஒரு வேலை இருக்கிறது. தங்கச்சியின் கட்டணம் ஏற்கெனவே எழுதிக் குடுத்த தொகை, அது ஏறாது. கூரைக்குச் சொன்ன 600,000 இன்றைய விலை. மரமும் ஓடும் கூலியும் மூன்று வருஷத்தில் அதே விலையில் நிற்காது. வருஷத்துக்கு 6 வீதம் ஏறும் எண்டு வைத்தால் மூன்றாம் வருஷம் கிட்டத்தட்ட 715,000 வேணும். 6 என்பது எங்கள் ஊகம்தான். ஆனால் ஊகம் ஒன்றை எழுதிவைத்தால் பிறகு திருத்தலாம். எழுதாமல் விட்டால் பூச்சியம் எண்டு ஊகித்ததாகிவிடும். இந்த நாட்டில் விலையேற்றத்தைப் பூச்சியம் எண்டு எடுக்க எவருக்கும் மனம் வராது: 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம் வரை போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இனிக் காசை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வரலாம்.

அவசரக் காசு 135,000 எடுத்தவுடன் வருகிற இடத்தில் இருக்க வேணும். சேமிப்புக் கணக்கில் பாதி, ஒரு மாச நிலையான வைப்பில் பாதி. வட்டி குறைவு. அதைப் பற்றி நாங்கள் இரண்டாவது தடவை கதைக்கவே இல்லை.

தங்கச்சியின் கட்டணத்தில்தான் சின்ன வாக்குவாதம் வந்தது. திறைசேரி உண்டியல் 91 நாள், 182 நாள், 364 நாள் எண்டு மூன்று காலத்துக்கு வருகிறது. வங்கி வைப்புகளும் அநேகமாக அதே போல மூன்று மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம். கணக்குக்காக ஒரு வருஷத்துக்கு 8.2 வீதமும் ஆறு மாசத்துக்கு 7.9 வீதமும் கிடைக்கிறது எண்டு வைத்துக்கொள்வோம். "ஒரு வருஷத்துக்கே போடுவம், கூட வருதுதானே" எண்டார் எங்களில் ஒருவர். ஆனால் கட்டணம் பதினொரு மாசத்தில். 364 நாள் முதிர்வதற்குள் சோதனைக்கு விண்ணப்பிக்கும் திகதி போய்விடும். இடையில் வைப்பை உடைத்தால் வங்கி சொன்ன வட்டியைத் தராது, குறைத்துத்தான் தரும். உண்டியலை இடையில் விற்றால் அன்றைக்கு என்ன விலையோ அதுதான்.

சரி, அந்தக் கூடுதல் 0.3 வீதம் எவ்வளவு? 180,000 ரூபாய்க்கு ஒரு வருஷத்தில் 540 ரூபாய். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. அதற்காகத் தங்கச்சியின் சோதனையை இழுத்துவைப்பதா? ஆறு மாசத்துக்குப் போட்டு, அது முதிர மூன்று மாசத்துக்குப் போட்டு, கடைசி இரண்டு மாசம் சேமிப்புக் கணக்கில் சும்மா விடுவது எண்டு முடிவானது. கடைசி இரண்டு மாச வட்டி மிகக் குறைவு என்பது தெரிந்தே செய்தது. வட்டியோடு சேர்ந்து வளரும் என்பதால் 175,000 வைத்தாலே போதுமாக இருந்தது.

வட்டியைக் கணக்கில் எழுதும்போது வரியைக் கழித்துத்தான் எழுத வேணும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரியாகக் கழிகிறது, அதற்கு முன் 5 வீதமாக இருந்தது. 8 வீதம் எண்டு பலகையில் போட்டிருந்தால் கைக்கு வருவது 7.2. வருஷ வருமானம் 1,800,000 ரூபாய்க்குக் கீழே இருக்கிறவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் குடுத்து அதைக் கழிக்காமல் விடச் செய்யலாம். இவளும் குடுக்கலாம். இருந்தாலும் கொப்பியில் 7.2 எண்டே போட்டோம். கிடைக்கிற மிச்சம் கூரைக்கு ஒதுக்கமாக இருக்கட்டும்.

135,000 உம் 175,000 உம் போக 90,000 மிச்சம். அது கூரைக்கு. 7.2 வீதத்தில் மூன்று வருஷத்தில் அது சுமார் 111,000 ஆகும். 715,000 இல் அதைக் கழித்தால் 604,000 இன்னும் வேணும். அதை 36 மாசத்தில் சேர்க்க வேணும். வட்டியே இல்லாமல் பெட்டிக்குள் போட்டால் மாசம் 16,800. 7.2 வீதம் கிடைத்தால் மாசம் 15,100.

இந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். வட்டிக்கும் வட்டி இல்லாமைக்கும் வித்தியாசம் மாசம் 1,700 ரூபாய். சரி, வருஷம் 12 வீதம் தருகிற ஏதாவது ஒன்றில் போட்டால்? மாசம் 13,600 போதும். அதாவது 7.2 ஐ விட்டு 12 ஐத் துரத்திப் போனால் மாசம் 1,500 ரூபாய் குறைவாகச் சேமிக்கலாம், அவ்வளவுதான். மூன்று வருஷக் கூரையைக் கட்டி முடிப்பதில் பெரிய பங்கு அவள் மாசாமாசம் போடுகிற காசுக்குத்தான். வட்டி அதில் ஒரு துணை.

அந்த 1,500 ரூபாய்க்காக என்ன ஆபத்தை ஏற்கிறோம் என்பதையும் பார்க்க வேணும். கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000 ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் முடிய 8,000க்குக் கீழே. நடுவில், புத்தாண்டுக்குப் பிறகு ஐந்து நாள் சந்தையையே மூடி வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் கூரை போட இருந்த ஒருவரின் காசு அதில் இருந்திருந்தால், 700,000 என்பது 420,000 அளவுக்கு வந்திருக்கும். பங்குகள் பிறகு ஏறின என்பது உண்மை. ஆனால் மழை அதற்காகக் காத்திருக்காது.

இதை வைத்துக்கொண்டு பங்குச் சந்தை கூடாது எண்டு யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். எங்களுக்குள் அதைப் பற்றிய கதை வேறு மாதிரித்தான் முடிந்தது. கூரைக்கு 16,000 எண்டு எடுத்துவைத்த பிறகு, அவளுடைய 25,000 இல் இன்னும் 9,000 மிச்சம் இருந்தது. "இது எதுக்கு?" எண்டு கேட்டால், முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: எப்போதாவது தன்ர பெயரில் ஒரு துண்டுக் காணி. சீதனமாக வருவது இல்லை, தானே வாங்குவது. பதினைந்து வருஷம் ஆனாலும் பரவாயில்லை. மாசம் 8,000 அதற்கு, ஆயிரம் கைச்செலவுக்கு.

பதினைந்து வருஷத்தில் அவள் போடுகிற காசு 1,440,000. 7.2 வீதத்தில் அது கிட்டத்தட்ட 2,580,000 ஆகும். 12 வீதத்தில் கிட்டத்தட்ட 4,000,000. கூரையில் மாசம் 1,500 ரூபாயாக இருந்த அதே வித்தியாசம், இங்கே 14 லட்சம். அதோடு, ஒரு வருஷம் சந்தை விழுந்தாலும் எழும்புவதற்குப் பல வருஷங்கள் இருக்கின்றன. இந்தக் காசுக்குத்தான் பங்குகளில் போடுகிற யூனிட் ட்ரஸ்ட் பொருந்தும். 12 கிடைக்கும் எண்டு எவரும் உறுதி தரமாட்டார்கள். தந்தால் அந்த ஆளிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள். கடைசி மூன்று நாலு வருஷத்தில், காணி வாங்கும் நாள் கிட்ட வர வர, அந்தக் காசையும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்புக்கும் உண்டியலுக்கும் மாற்ற வேணும். ஏனெண்டால் அப்போது அதுவும் ஒரு மூன்று வருஷக் கூரையாக மாறிவிடும்.

ஆக "எங்க போட்டா கூட வரும்?" என்ற கேள்விக்கு ஒரே ஆளிடம், ஒரே நாளில், நாலு வேறு பதில்கள் சரியாக இருந்தன.

திகதியும் தொகையும் மட்டும் எழுதினால் போதாது, தொகை எந்த நாணயத்தில் என்பதையும் எழுத வேணும் எண்டு எங்களுக்குக் காட்டியது தெரிந்த ஒரு அண்ணாவின் அனுபவம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு 3,000,000 ரூபாயைச் சேர்த்து நல்ல வட்டிக்கு வைப்பில் போட்டிருந்தார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் சுற்றி, அவருடைய காசு 15,000 டொலர். மே மாசம் டொலர் 360 ரூபாய் சுற்றி, அதே காசு 8,300 டொலர். வங்கி சொன்ன வட்டியில் ஒரு சதமும் குறைக்கவில்லை. அவருடைய இலக்கு டொலரில் இருந்தது, காசு ரூபாயில் இருந்தது. சாதாரண சம்பளக்காரர் ரூபாயைக் குடுத்து டொலராகச் சேர்த்துவைப்பது இங்கே லேசான காரியம் இல்லை. ஆனால் வெளியில் இருக்கிற மாமாவோ சித்தியோ படிப்புக்கு எண்டு அனுப்புகிற காசை, வந்த கையோடு ரூபாயாக மாற்றாமல் வெளிநாட்டு நாணயக் கணக்கிலேயே விட்டுவைக்கலாம். வட்டி குறைவு எண்டு யாராவது சொன்னால், கட்டணம் எந்த நாணயத்தில் எண்டு திருப்பிக் கேளுங்கள்.

அதே காலத்தின் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். 2022 கடைசியில் திறைசேரி உண்டியல் 30 வீதம் சுற்றி நின்றது. அப்போது 91 நாளுக்குத்தான் மிகக் கூட. எங்கள் வட்டத்திலேயே பலர் அதைப் பார்த்து மூன்று மாசத்துக்குப் போட்டு, முதிர முதிரத் திருப்பிப் போட்டார்கள். 2023 முடிவதற்குள் வீதம் 15க்குக் கீழே வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் குறைந்த வீதத்தில் திருப்பிப் போட வேண்டியதாகிப் போனது. அடுத்த வருஷக் கடைசியில் காசு வேணும் எண்டு திகதி எழுதிவைத்திருந்த ஒருவர், மூன்று மாச வீதம் கூடவாக இருந்தும், 364 நாளுக்குப் போட்டார். அவர் வீதம் விழும் எண்டு சோதிடம் பார்க்கவில்லை. தன்ர திகதிக்குப் பொருந்துகிறதை எடுத்தார். வீதம் ஏறியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நட்டம்தான், ஆனால் எழுதிவைத்த தொகை எப்படியும் கிடைத்திருக்கும்.

மாசம் 10 வீதம் தாறம், ஆள் சேர்த்தால் இன்னும் தாறம் எண்டு வருகிறவர்களுக்கும் இந்தக் கொப்பி ஒரு நல்ல பூட்டு. பிரமிட் திட்டங்கள் வங்கித் தொழில் சட்டப்படி தடை. மத்திய வங்கி பெயர்ப் பட்டியலே போட்டிருக்கிறது. ஆனாலும் கதை கேட்கும்போது இனிக்கும். "ஆகஸ்ட் 15க்கு 715,000 வேணும், அண்டைக்கு எடுக்கலாமா, யார்ட பெயரில இருக்கும், எழுத்தில தருவீங்களா?" எண்டு கேட்டுப் பார்த்தோம். வந்தவர் திகதியை விட்டுவிட்டு வாகனப் படங்களைக் காட்டத் தொடங்கினார்.

கொப்பியை ஆறு மாசத்துக்கு ஒருக்கால் திறப்பது எண்டு வைத்திருக்கிறோம். அதற்கு மேல் பார்த்தால் வட்டி வீதத்தைத் துரத்துகிற பழைய பழக்கம் வந்துவிடுகிறது. முதல் ஆறு மாசம் முடிந்து திறந்தபோது, கூரைப் பக்கத்தில் அவள் 16,000 படி ஒழுங்காகப் போட்டு, வட்டியோடு 190,700 சேர்ந்திருந்தது. ஆனால் மேசன் இப்போது சொன்ன விலை 650,000. மீதி இரண்டரை வருஷத்துக்கு அதே 6 வீதம் ஏற்றினால் 752,000. கையில் இருப்பது வளர்ந்து 228,000 ஆகும். மிச்சத்தை 30 மாசத்தில் சேர்க்க மாசம் கிட்டத்தட்ட 16,000 வேணும். ஆரம்பத்தில் 15,100 தேவைப்பட்ட இடத்தில் 16,000 போட்டதால் இருந்த இடைவெளி சரியாகச் சாப்பிடப்பட்டுவிட்டது. இன்னொருக்கால் விலை ஏறினால் இடம் இல்லை.

"காணிக் காசில இருந்து எடுப்பமா?" எண்டு கேட்டாள். மழை காரணமாகத் திகதியைத் தள்ள முடியாது, ஆகவே தொகையைத்தான் பார்க்க வேணும் எண்டோம். மேசனைத் திரும்பக் கூப்பிட்டு, குசினிப் பக்கத்து மரம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் எண்டு கேட்டோம். ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, ஐந்து வருஷம் பிரச்சினை இல்லை எண்டார். குசினியைத் தனி வரியாகப் பிரித்து, அதற்குப் பக்கத்தில் ஐந்து வருஷம் கழித்து வருகிற ஆகஸ்டை எழுதினாள்.